ஆர்டர் செய்தது ஒரு மாடல், வந்தது வேறு மாடல்: டீலருக்கு எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: இம்மாதம் 6-ஆம் தேதி எங்கள் ஊர்க் கடையில் 340 லிட்டர், 3 ஸ்டார், இரண்டு கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை 38,500 ரூபாய்க்கு ஆர்டர் செய்தேன். பழைய ஃபிரிட்ஜுக்கு 2,500 ரூபாய் கழித்தார்கள். 6,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். மீதி 30,000 ரூபாய் 10 மாதத் தவணை. 9-ஆம் தேதி நான் பள்ளியில் இருந்தபோது அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மாலையில் பார்த்தால் 322 லிட்டர், 2 ஸ்டார், மாடல் எண்ணும் வேறு. பில்லிலும் வந்த மாடலையே போட்டிருக்கிறார்கள். கேட்டால், "நீங்கள் கேட்டது இப்போது வருவதில்லை, இதுவும் நல்ல மாடல்தான், கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு மாற்ற முடியாது" என்கிறார்கள். வேண்டுமானால் ஸ்டெபிலைசர் ஒன்று இலவசமாகத் தருவார்களாம். வந்த ஃபிரிட்ஜை இரண்டு நாளாகப் பயன்படுத்தி வருகிறோம். புகார்க் கடிதம் எப்படி எழுதுவது?
– ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மா,

கடிதம் எழுத உட்காரும் முன், உள்ளே இருக்கும் பொருட்களை எடுத்துவிட்டு ஃபிரிட்ஜின் மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். வீட்டில் வேறு ஃபிரிட்ஜ் இல்லாத நிலையில் இது சிரமம் என்பதை அறிவேன். ஆனாலும் இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. சரக்கு விற்பனைச் சட்டம், 1930, வாங்குபவர் ஒரு பொருளை எப்போது "ஏற்றுக்கொண்டவர்" ஆகிறார் என்பதைத் தன் 42-ஆம் பிரிவில் வரையறுக்கிறது. ஏற்றுக்கொண்டதாக விற்றவரிடம் அவரே தெரிவிப்பது ஒரு வழி. பொருள் இன்னும் விற்றவருடையது என்ற நிலைக்குப் பொருந்தாத வகையில் அதை நடத்துவது மற்றொரு வழி. வேண்டாம் என்று தெரிவிக்காமலே நியாயமான காலத்துக்கு மேல் அதை வைத்திருப்பது மூன்றாவது வழி. ஏற்றுக்கொண்டவர் என்று ஆகிவிட்டால், சாதாரணமாகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சும். வாங்கிய பொருளைப் பார்த்தறிய இரண்டு நாள் ஓட்டினோம் என்பதை விளங்கவைக்க முடியும். இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, இது நான் கேட்டது அல்ல என்று சொன்னால் எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நம் பக்கம் பலவீனமாகிவிடும்.

அம்மா போட்ட கையெழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முன்பு பரிசோதித்துப் பார்க்காத பொருள் வந்து சேரும்போது, அது ஒப்பந்தப்படிதான் இருக்கிறதா என்று பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை, வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டவர் ஆகமாட்டார் என்று அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. கடையில் நீங்கள் பார்த்தது காட்சிக்கு வைத்திருந்த பெட்டியை; வீட்டுக்கு வந்தது வேறொன்று. டெலிவரி சலானில் இருக்கும் கையெழுத்து ஒரு பெட்டி வந்து இறங்கியதற்குச் சான்றே தவிர, அதற்குள் இருப்பது நீங்கள் கேட்ட மாடல்தான் என்பதற்குச் சான்று ஆகாது. அந்த நேரத்தில் வீட்டில் இருந்த பெரியவருக்கு ஆர்டர் விவரமே தெரியாது என்பதையும் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

43-ஆம் பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். மறுக்கும் உரிமை உள்ள ஒருவர் பொருளை ஏற்க மறுக்கும்போது, வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடையில் சேர்க்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஏற்க மறுக்கிறேன் என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும். எனவே "நீங்களே வண்டி வைத்துக் கொண்டுவாருங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்று கடையில் சொன்னால், அதற்கு நீங்கள் உடன்பட வேண்டியதில்லை.

ஆக, உங்கள் கடிதம் செய்ய வேண்டிய முதல் வேலை குறை சொல்வது அன்று. வந்த பொருளை ஏற்க மறுப்பதை எழுத்தில் பதிவு செய்வது. என்னிடம் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன. இரண்டு பக்கம் மனவருத்தத்தைக் கொட்டிவிட்டு, "தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருப்பார்கள். எந்தப் பொருளை மறுக்கிறார், என்ன கேட்கிறார், எந்தத் தேதிக்குள் கேட்கிறார் என்ற மூன்றும் அதில் இருக்காது. அப்படிப்பட்ட கடிதத்துக்கு ஒரு ஸ்டெபிலைசரைக் கொடுத்துவிட்டு நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று டீலர் சொன்னால், நம்மிடம் பதில் இருக்காது.

அடுத்து, ஆதாரம். ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தால் பெரும்பாலும் உள்பக்கச் சுவரில் ஒரு சிறிய தாள் ஒட்டப்பட்டிருக்கும். சில பெட்டிகளில் அது பின்புறம் கம்ப்ரஸர் அருகே இருக்கும். மாடல் எண், சீரியல் எண் ஆகியவை அதில்தான் இருக்கின்றன. கதவின் வெளிப்பக்கம் இருக்கும் நட்சத்திரத் தாளில் மாடல் பெயரும், ஓர் ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதும் இருக்கும். இவ்விரண்டையும், அட்டைப்பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால் அதன்மேல் உள்ள தாளையும், எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டி, தெர்மோகோல், கையேடு எதையும் எறிந்துவிடாதீர்கள்.

உங்கள் வழக்கை லிட்டர் கணக்கின் மேல் நிறுத்தாமல் மாடல் எண்ணின் மேல் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜுக்கு மொத்தக் கொள்ளளவு என்றும் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு என்றும் இரண்டு அளவுகள் சொல்வதுண்டு. "340 என்று சொன்னது மொத்தம், 322 என்பது உள்ளளவு, இரண்டும் ஒன்றுதான்" என்று டீலர் வாதிட இடம் இருக்கிறது. நட்சத்திரமும் அப்படியே. அதற்கான அளவுகோலை அரசு அவ்வப்போது இறுக்குவதால், அதே பெட்டி ஒரு காலத்தில் 3 நட்சத்திரமாகவும் பிறகு 2 நட்சத்திரமாகவும் மதிப்பிடப்படலாம். மாடல் எண்ணிலோ இப்படி வாதிட இடம் குறைவு. நீங்கள் கேட்ட எண்ணையும் வந்த எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி ஓரிரு எழுத்துகள் மட்டும் வேறுபட்டால் அது நிறத்தைக் குறிப்பதாக இருக்கக்கூடும். அதை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நடுவில் உள்ள எண்களே வேறு என்றால், லிட்டரும் நட்சத்திரமும் அதற்குத் துணைச் சான்றுகளாக நிற்கும்.

உங்கள் பக்கத்தில் கவனமாகக் கையாள வேண்டிய ஒரே இடம் பில்தான். டீலர் அதில் வந்த மாடலையே எழுதியிருப்பதால், "வாங்கியதே இந்த மாடலைத்தான்" என்று பின்னால் சொல்வார். அதைப் பற்றிக் கடிதத்தில் பேசாமல் விட்டால் நீங்கள் ஒப்புக்கொண்டது போலாகும். 9-ஆம் தேதி வந்த பில், 6-ஆம் தேதி முடிந்துவிட்ட ஒப்பந்தத்தை மாற்றிவிடாது. ஒருவர் மட்டும் தயாரித்த தாளைக் கொண்டு இருவர் பேசி முடித்ததைத் திருத்த முடியாது. ஆனால் 6-ஆம் தேதி பேசியது என்ன என்பதைக் காட்ட நம்மிடம் தாள் வேண்டும். முன்பணத்துக்குக் கொடுத்த ரசீதில் மாடல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் வாட்ஸ்ஆப்பில் விலையோ படமோ அனுப்பியிருந்தால் அழிக்காமல் வையுங்கள். இவற்றையெல்லாம்விட வலுவானது ஒன்று இருக்கக்கூடும். தவணைக்கடன் கொடுக்கும் நிதி நிறுவனம், பொருளைக் கொடுக்கச் சொல்லிக் கடைக்கு அனுப்பும் ஒப்புதலில் பெரும்பாலும் பொருளின் மாடலையும் குறிப்பிட்டிருக்கும். கடன் ஒப்பந்தத்தின் நகலையும் அந்த ஒப்புதலின் நகலையும் நிதி நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். அதில் நீங்கள் கேட்ட மாடல் இருந்தால், பில்லை வைத்து டீலர் வாதிட முடியாது.

எந்தத் தாளிலும் மாடல் எண் இல்லையென்றால், கடிதம் அனுப்புவதற்கு முன் கடைக்காரருக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "6-ஆம் தேதி நான் ஆர்டர் செய்த 340 லிட்டர், 3 ஸ்டார் மாடல் இப்போது வருவதில்லை என்று சொன்னீர்கள். எப்போது வரும்?" அவர் இயல்பாக எழுதும் பதிலே, நீங்கள் கேட்டது வேறு மாடல் என்பதற்குச் சான்றாகிவிடும்.

இனி, என்ன கேட்பது என்பது. ஆர்டர் செய்த மாடலை அதே விலைக்குக் கொடுத்து, வந்ததை அவர்கள் செலவில் எடுத்துச் செல்ல வேண்டும். அந்த மாடல் இல்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இந்த வரிசையிலேயே கேளுங்கள். முழுத் தொகை என்பது 38,500 ரூபாய். நீங்கள் ரொக்கமாகக் கட்டியது 6,000 தானே என்று கணக்குச் சொல்ல விடாதீர்கள். பழைய ஃபிரிட்ஜ் கைவிட்டுப் போய்விட்டதால் அதற்கு அவர்களே வைத்த மதிப்பான 2,500 ரூபாய் பணமாக உங்களுக்கு வர வேண்டும். 30,000 ரூபாய் நிதி நிறுவனத்துக்குப் போய்க் கடன் முடிக்கப்பட வேண்டும். அதற்குள் நீங்கள் தவணை ஏதும் கட்டியிருந்தால் அதுவும் உங்களிடம் திரும்ப வேண்டும்.

தவணையை மட்டும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையில் உள்ளது; டீலர் செய்த தவறு அதை ரத்து செய்யாது. ஒரு தவணை தவறினாலும் அபராதம் வரும், கடன் வரலாற்றிலும் பதிவாகும். தவணையைக் கட்டிக்கொண்டே, தகராறு இருப்பதை நிதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து வையுங்கள்.

விலை வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்த பெட்டியையே வைத்துக்கொள்ளலாமா என்று வீட்டில் யாராவது சொல்லலாம். சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. அப்படி முடிவு செய்தால் வந்த மாடலின் கடை விலையை விசாரித்து, வித்தியாசத்தை எழுத்தில் கேட்டுப் பணமாகவே வாங்குங்கள். என் கருத்தில், கொடுத்த பணத்துக்குக் கேட்ட பொருளையே கேட்பதுதான் சரி. பல ஆண்டுகள் வீட்டில் இருக்கப்போகும் பொருள் இது.

கடிதம் இப்படி அமையலாம். புள்ளியிட்ட இடங்களை உங்கள் தாள்களில் உள்ளபடி நிரப்புங்கள்.

> பெறுநர்: உரிமையாளர், (பில்லில் உள்ளபடி கடையின் பெயரும் முகவரியும்)
>
> பொருள்: ஆர்டர் செய்யாத மாடல் குளிர்சாதனப் பெட்டியை ஏற்க மறுத்தல், சரியான மாடலை வழங்க அல்லது முழுத் தொகையைத் திருப்பித் தரக் கோருதல் – பில் எண் ………, நாள் ………
>
> ஐயா,
>
> நான் ……… அன்று தங்கள் கடையில் ……… நிறுவனத்தின் ……… என்ற மாடல் எண் கொண்ட 340 லிட்டர், 3 நட்சத்திரக் குளிர்சாதனப் பெட்டியை ரூ.38,500 விலைக்கு ஆர்டர் செய்தேன். முன்பணம் ரூ.6,000, பழைய பெட்டிக்கான மதிப்பு ரூ.2,500, நிதி நிறுவனத்தின் வழியாக ரூ.30,000 என இத்தொகை முழுவதும் தங்களுக்குச் செலுத்தப்பட்டுவிட்டது.
>
> ……… அன்று என் வீட்டில் இறக்கப்பட்டதோ ……… என்ற மாடல் எண்ணும் ……… என்ற சீரியல் எண்ணும் கொண்ட 322 லிட்டர், 2 நட்சத்திரப் பெட்டி. அப்போது வீட்டில் இருந்த என் தாயார், ஆர்டர் விவரம் அறியாத நிலையில், ஒரு பெட்டி வந்து சேர்ந்ததற்காக மட்டுமே கையெழுத்திட்டார். அன்று மாலையே வேறுபாட்டைக் கண்டு, ……… அன்று தொலைபேசியில் தங்களிடம் தெரிவித்தேன்.
>
> தங்கள் பில்லில் நான் ஆர்டர் செய்யாத மாடல் எழுதப்பட்டுள்ளது. மாடலை மாற்றுவதற்கு என்னிடம் ஒப்புதல் கேட்கப்படவும் இல்லை, நான் ஒப்புதல் அளிக்கவும் இல்லை.
>
> எனவே மேற்கண்ட சீரியல் எண் கொண்ட பெட்டியை நான் ஏற்க மறுக்கிறேன். அதன் பயன்பாட்டை ……… அன்று நிறுத்திவிட்டேன். அது தங்கள் பொருளாக என் வீட்டில் பாதுகாப்பாக உள்ளது. முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, எந்த நாளிலும் காலை 8 மணிக்குள் அல்லது மாலை 5 மணிக்குப் பின் தங்கள் செலவில் எடுத்துச் செல்லலாம்.
>
> இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள், ஆர்டர் செய்த மாடலை அதே விலையில், திருத்திய பில்லுடன் வழங்க வேண்டும். அது இயலாதெனில், அதே 7 நாட்களுக்குள் ரூ.30,000-ஐ நிதி நிறுவனத்துக்குச் செலுத்திக் கடனை முடித்து, ரூ.8,500-ஐயும், நான் செலுத்திய தவணை இருப்பின் அதையும் எனக்குத் திருப்பித் தர வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.
>
> இணைப்பு: முன்பண ரசீது, பில், டெலிவரி சலான், மாடல் தாளின் படங்கள் ஆகியவற்றின் நகல்கள்.

இந்த அளவு போதும். மன உளைச்சல், அலைச்சல், கெட்டுப்போன காய்கறி ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டாம்; அவற்றுக்கான இழப்பீட்டை ஆணையத்தில் கேட்டுக்கொள்ளலாம். மின்சாரச் செலவு கூடும் என்ற வாதத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டு மாடல்களின் நட்சத்திரத் தாள்களிலும் உள்ள ஆண்டு யூனிட்டைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிய தொகையாக இருக்காது. அதை முன்னால் வைத்தால் அந்தச் சிறு தொகையைத் தந்து தகராறை முடிக்கப் பார்ப்பார்கள்.

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். 2025-இல் பதிவு அஞ்சல் தனிச் சேவையாக இல்லாமல் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைந்துவிட்டது. எனவே கவுண்டரில் பதிவு வசதியோடும் பட்டுவாடாச் சான்றோடும் வேண்டும் என்று கேளுங்கள். அதே நாளில் கடையின் மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்ஆப்புக்கும் படமாக அனுப்பிவிடுங்கள். நிதி நிறுவனத்துக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் ஒரு நகல் போகட்டும். தயாரிப்பாளர் இந்தத் தவறுக்குப் பொறுப்பாளர் ஆவது அரிது. ஆனால் நீங்கள் கேட்ட மாடல் இப்போதும் தயாரிப்பில் இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்டால், "வருவதில்லை" என்ற டீலரின் பேச்சு உண்மையா என்பது தெரிந்துவிடும்.

இடைப்பட்ட நாட்களில் இரண்டு விஷயங்களில் எச்சரிக்கையாக இருங்கள். ஸ்டெபிலைசரை வாங்காதீர்கள், அதை வாங்கிக் கையெழுத்திட்டால், சமரசமாகிவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள். நிறுவனத்திலிருந்து இன்ஸ்டலேஷன், டெமோ என்று சொல்லி ஆள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் அலைபேசிக்கு வரும் ஓடிபியைச் சொன்னால் அந்த சீரியல் எண் உங்கள் பெயரில் வாரண்டிக்குப் பதிவாகிவிடக்கூடும், பிறகு நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதற்கு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருந்தால் அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடு என்பதை விரிவாகவே வரையறுக்கிறது: ஒப்பந்தத்தின்படியோ, விற்பவர் சொன்ன விதத்தின்படியோ இருக்க வேண்டிய தரத்திலும் அளவிலும் உள்ள குறையும் அதில் அடங்கும். அப்படிக் குறைபாடுள்ள பொருளை, பில்லில் கண்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக அச்சட்டத்தின் 2(47) பிரிவு சொல்கிறது.

7 நாட்கள் கழிந்தும் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அங்கே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. ஆனால் புகாரை விற்பனையாளருக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், சில கடைகள் அதிலேயே இறங்கி வருவதுண்டு. அதுவும் பயனளிக்காவிட்டால் மாவட்ட ஆணையம். கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. முன்னதாக வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதும் சட்டத்தின் நிபந்தனை அன்று, உங்கள் கடிதமே போதும். முறையிடும் காலவரம்பு 2 ஆண்டுகள் என்றாலும் அவ்வளவு காலம் காத்திருக்காதீர்கள். மனுவில் கடையை முதல் எதிர்த்தரப்பாகவும், கடனை முடித்துத் தரக் கேட்பதால் நிதி நிறுவனத்தை இரண்டாம் எதிர்த்தரப்பாகவும் சேருங்கள்.

கடிதம் போன பின் பல கடைகள் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சம்மதிப்பார்கள். அப்படி வண்டி வந்தால், புதிய பெட்டி இறங்கி அதன் மாடல் எண்ணை நீங்களே கதவைத் திறந்து பார்த்த பிறகு தவறாக வந்ததை ஏற்றவிடுங்கள். பணம்தான் திரும்ப வருகிறது என்றால், எந்த சீரியல் எண் கொண்ட பெட்டி எந்தத் தேதியில் திரும்பப் பெறப்பட்டது, எவ்வளவு தொகை எப்போது தரப்படும் என்று எழுதிக் கடை முத்திரையிட்ட ரசீது கைக்கு வராமல் பெட்டியை வாசல் தாண்ட விடாதீர்கள். அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். இந்த முறையும் நீங்கள் பள்ளியில் இருக்கும் நேரத்திலேயே ஆள் வரக்கூடும்.